இரண்டு கோடியே ஐந்து லட்சமா, இரண்டரைக் கோடியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மொழிபெயர்ப்புக் கட்டுரை சொற்களைப் பற்றி நிறையச் சொன்னது, எண்களைத் தொடவில்லை. எனக்கு அடி விழுந்தது எண்ணில்தான்.

இங்கே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கு விவரத்தை ஜெர்மனியில் துணி வாங்குபவருக்காக ஆங்கிலமாக்கினேன். மூலத்தில் 'கடன் நிலுவை 2 கோடியே 5 லட்சம் ரூபாய்' என்று இருந்தது. கை போன வேகத்தில் 2.5 கோடி என்று மனத்தில் வாங்கி, 25 மில்லியன் என்று எழுதிவிட்டேன். சரியானது 2.05 கோடி, அதாவது 20.5 மில்லியன். இல்லாத கடன் 45 லட்சம் அவர்கள் தலையில் ஏறிவிட்டது. கணக்கர் கண்டுபிடித்ததால் தப்பித்தேன்.

அன்றிலிருந்து மனக்கணக்கை விட்டுவிட்டேன். தொகை முழுவதையும் காற்புள்ளி இல்லாமல் 20500000 என்று முதலில் எழுதுவேன். கோடிக்கு ஏழு சுழியம், லட்சத்துக்கு ஐந்து. பிறகு வலப்பக்கமிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் 20,500,000 வந்துவிடும். நம் வழக்கப்படி 2,05,00,000 என்றே விட்டால், வெளிநாட்டவர் ஏதோ ஓர் இலக்கம் விடுபட்டதாகத்தான் நினைப்பார். ஜெர்மானியருக்கோ காற்புள்ளிதான் தசமப் புள்ளி. புள்ளிதான் ஆயிரத்தைப் பிரிப்பது. அதனால் ஓடும் வாக்கியத்தில் `20.5 million` என்று சொல்லோடு சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு. நூறு கோடி ஒரு பில்லியன், லட்சம் கோடி ஒரு டிரில்லியன் என்பதையும் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்தது நாணயம். 'ரூ.' என்பதை `Rs` என்று மாற்றினால் போதாது. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம் எல்லாவற்றிலும் ரூபாய் உண்டு. ₹ குறி வந்தது 2010இல்தான். பழைய எழுத்துருக்களில் வெறும் கட்டமாகத் தெரியும். `INR` என்று போட்டால் குழப்பமில்லை.

டாலரிலும் சொல்லச் சொன்னால், ரூபாய்த் தொகையை எடுத்துவிடாமல் பக்கத்தில் சேர்க்க வேண்டும். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 241,176.47 வரும். அந்த 47 சென்ட்டைப் பார்ப்பவர் அதுவே ஒப்பந்தத் தொகை என்று நம்பிவிடுவார். நான் எழுதுவது இப்படி:

```
INR 20.5 million (about USD 240,000)
```

எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்பது அடிக்குறிப்பில். மூலத்தில் 'சுமார்' இல்லாத இடத்தில், இந்த `about` டாலருக்கு மட்டுமே உரியது. ரூபாய்க்கு முன்னால் நுழையக் கூடாது.

கடைசியாக, அட்டவணை. நம் ஊர்க் கணினி இந்திய அமைப்பில் இருந்தால், எக்செல் பழையபடி 2,05,00,000 என்றே காட்டும். கடிதத்தில் ஒரு மாதிரி, இணைப்பில் வேறு மாதிரி. போன மாதம்கூட அப்படியே அனுப்ப இருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கரூர்