‘கவனக்குறைவால் விடுபட்டுவிட்டது’ என்று எழுதுவதற்கு முன்

கீழமை நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்கு நடத்தும் இளம் வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். முன்சீப் கோர்ட்டிலும் சார்பு நீதிமன்றத்திலும் பல வருடம் ஓடியவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். பிராதையோ எதிர்வழக்குரையையோ திருத்தக் கேட்டு நீங்கள் போடும் மனுக்களைத்தான் சொல்ல வருகிறேன். பாதி மனுக்களின் பிரமாணப் பத்திரத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: “மேற்படி விவரம் கவனக்குறைவால் பிராதில் விடுபட்டுவிட்டது. அது வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல.” அந்த வரியை எழுதும்போதே மனுவைத் தள்ளுபடி செய்வதற்கான காரணத்தையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 6 விதி 17 உங்களுக்குத் தெரிந்ததுதான். வழக்கின் எந்தக் கட்டத்திலும் திருத்தத்தை அனுமதிக்கலாம் என்பது அதன் முதல் பாதி. 1999-இல் இந்த விதியையே எடுத்துவிட ஒரு திருத்தச் சட்டம் வந்தது. வழக்கறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு 2002 திருத்தச் சட்டத்தின்படி, அந்த வருடம் ஜூலை 1 முதல் விதி திரும்பி வந்தது, ஆனால் வாலில் ஒரு நிபந்தனையோடு. விசாரணை தொடங்கிய பிறகு திருத்த மனுவை அனுமதிக்கக் கூடாது. உரிய கவனத்தோடு இருந்தும் அந்த விஷயத்தை விசாரணைக்கு முன் எழுப்ப முடியாமல் போனது என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தால் மட்டுமே அனுமதிக்கலாம். இந்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில்தான். நம்ம ஊர்ச் சங்கத்தின் பெயரைத் தாங்கிய அந்தத் தீர்ப்பைக்கூட நாம் சரியாகப் படிப்பதில்லை.

சரி, விசாரணை எப்போது தொடங்குகிறது? முதல் விசாரணைக்குப் பதிலாகச் சாட்சியின் பிரமாணப் பத்திரத்தை, அதாவது நாம் ப்ரூஃப் அஃபிடவிட் என்று சொல்வதை, தாக்கல் செய்யும் நாளில் என்று 2009-இல் வித்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுவினா வனைந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்று பார்க்கும் தீர்ப்பும் உண்டு. எதிர்த்தரப்பு இரண்டாவதைத்தான் எடுத்து நீட்டும். அதனால் எழுவினா வனையும் தேதியையே கடைசித் தேதியாக வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வித்யாபாய் வழக்கில் இன்னொன்றும் சொல்லப்பட்டது: இந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் மனுவை அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே வராது. “திருத்தம் அவசியமானது, எதிர்த்தரப்புக்கு நஷ்டமில்லை” என்ற வாதமெல்லாம் இந்த வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகுதான்.

என் கையில் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கட்சிக்காரரையும் முன்பு வழக்கு நடத்திய நண்பரையும் அடையாளம் காட்ட வேண்டாம். 2016-இல் வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டுப் பிராது. நிலம் 40 சென்ட். 2017 தொடக்கத்தில் எதிர்வழக்குரை வந்தது, “வாதிக்கு இந்தச் சொத்தில் உரிமையே இல்லை” என்று. அந்தத் தாள் கையில் வந்த அன்றைக்கே, விளம்புகைப் பரிகாரம் சேர்க்க வேண்டுமா என்று யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை. அதே வருடம் புரட்டாசியில் பிரதிவாதி கம்பி வேலி போட்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டார். வாதி போலீஸில் மனு கொடுத்து ரசீதும் வாங்கினார். ரசீதை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டார், வக்கீலிடம் சொல்லவில்லை. வக்கீலும் கேட்கவில்லை. 2018-இல் எழுவினா, 2019-இல் ப்ரூஃப் அஃபிடவிட். அதில் “நான் அனுபவித்து வருகிறேன்” என்று பிராதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். 2021-இல் குறுக்கு விசாரணை. “வேலி எப்போது போட்டார்கள்?” என்று எதிர் வக்கீல் கேட்க, வா.சா.1 வெள்ளந்தியாக, “அது 2017 புரட்டாசியிலேயே போட்டுட்டாங்களே” என்றார். கோர்ட் ஹாலில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

அடுத்த வாய்தாவில் திருத்த மனு: விளம்புகையும் சுவாதீனமும் கேட்டு. காரணம், மேலே சொன்ன அதே கவனக்குறைவு வரி. மனு தள்ளுபடியானது. கட்டு என்னிடம் வந்தபோது, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பு 227-இன் கீழ் சீராய்வு போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 2017-இல் நடந்தது வாதிக்கு 2017-லேயே தெரியும், விசாரணை 2019-இல்தான் தொடங்கியது. இடையில் இரண்டு வருடம். “உரிய கவனம் இருந்தும் முடியவில்லை” என்பதற்கு எந்தத் தேதியைக் காட்டுவது?

இதே மாதிரி நிலையில் ஜெயித்தவர் ஒருவர் இருக்கிறார். சம்பத்குமார் எதிர் அய்யாக்கண்ணு, 2002-இல் உச்ச நீதிமன்றம். 1988-இல் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்கு. 1989 ஜனவரியில் பிரதிவாதி தன்னை வெளியேற்றிவிட்டார் என்று சொல்லி, 1999-இல்தான் விளம்புகையும் சுவாதீனமும் சேர்க்கக் கேட்டார் வாதி. வழக்குப் போட்டுப் பதினோரு வருடம் கழித்து. கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மறுத்தன, உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. விசாரணை இன்னும் தொடங்கவில்லை என்பதுதான் பெரிய காரணம். இன்னொரு வழக்குப் போட வைப்பதைவிட இதிலேயே தீர்த்துவிடலாம் என்பது அடுத்த காரணம். ஆனால் அந்தத் தீர்ப்பின் கடைசிப் பகுதியை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பொதுவாகத் திருத்தம் அனுமதிக்கப்பட்டால் அது பிராது தாக்கலான நாளுக்கே பின்னோக்கிப் போகும். அங்கே நீதிமன்றம் அதைத் தடுத்தது: புதிய பரிகாரங்கள் திருத்த மனு போட்ட நாளில்தான் கேட்கப்பட்டதாகக் கருதப்படும். அப்படிச் செய்யாவிட்டால், இடைப்பட்ட வருடங்களை வைத்து பிரதிவாதி எழுப்பக்கூடிய காலவரம்பு வாதம் செத்துப்போயிருக்கும்.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து வருடம் தூங்கியவருக்குக் கிடைத்தது, நாலு வருடம் தூங்கியவருக்குக் கிடைக்கவில்லை. நியாயமா என்று கேட்டால் எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் நிபந்தனை தாமதத்தின் நீளத்தை அளக்கவில்லை, தாமதம் எந்தக் கோட்டைத் தாண்டியது என்பதைத்தான் பார்க்கிறது.

என் கட்சிக்காரருக்கு வேறு வழி இருந்தது. வெளியேற்றம் நடந்தது வழக்குப் போட்ட பிறகு, ஆகவே அது புது வழக்குமூலம். கட்டளை 2 விதி 2 தடுக்காது. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்க, காலவரம்புச் சட்டம் ஷரத்து 65-இன்படி 12 வருடம் இருக்கிறது. தனி வழக்குப் போட்டோம், சந்தை மதிப்பின்படி நீதிமன்றக் கட்டணம் கட்டி. காசும் காலமும் போனதுதான், உரிமை போகவில்லை. திருத்த மனு தோற்றால் எல்லாம் முடிந்தது என்று கட்சிக்காரரைப் பயமுறுத்தி மேலே மேலே ஓடுவதற்கு முன், இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், ‘தட்டச்சுப் பிழை’ என்ற நம் இரண்டாவது செல்லக் காரணம். ஜே.சாமுவேல் எதிர் கட்டு மகேஷ், 2012. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்ட வழக்கு. வாதி தன் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தார் என்ற வாசகம் பிராதில் இல்லை. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 16(சி), 2018 திருத்தத்துக்கு முன், பிராதில் கேட்ட உயிர்நாடியே அதுதான். இரு தரப்பு வாதமும் முடிந்த பிறகு, தட்டச்சில் விடுபட்டுவிட்டது என்று திருத்தம் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் அனுமதித்தது, உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஓர் எழுத்து மாறுவது தட்டச்சுப் பிழை. வழக்கு நிற்பதற்கே வேண்டிய ஒரு முழு வாசகம் இல்லாமல் போவதை அப்படிச் சொல்ல முடியாது. பிராதை எழுதியவரும் கையெழுத்துப் போட்டவரும் படித்தார்களா என்ற கேள்விதான் அங்கே வருகிறது.

இதற்காகப் பிழை திருத்தவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். சர்வே எண் 112/3 என்பது 113/2 என்று விழுந்து, நான்கெல்லையும் பத்திரமும் சரியாக இருந்தால், சொத்து எது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அந்த மாதிரித் திருத்தத்தை நீதிபதிகள் பொதுவாகத் தடுப்பதில்லை. நான்கெல்லையும் சேர்ந்து மாறினால் அது வேறு சொத்து.

எதிர்வழக்குரையைத் திருத்துவதில் நீதிமன்றங்கள் இன்னும் தாராளம். பிரதிவாதி ஒன்றுக்கொன்று பொருந்தாத எதிர்வாதங்களைக்கூட மாற்றாக எடுக்கலாம். ஆனால் ஒருமுறை ஒப்புக்கொண்டதை அடியோடு உருவ முடியாது. 1976-இல் மோடி ஸ்பின்னிங் வழக்கிலிருந்தே இது நிற்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் “சொத்து கூட்டுக் குடும்பச் சொத்துதான், வாதிக்குப் பங்கு கொடுத்தாகிவிட்டது” என்று எழுதிவிட்டு, வாதி சாட்சி சொல்லி முடித்ததும் “என் சுயார்ஜிதம்” என்று மாற்ற வந்தால், அந்த ஒப்புதலை நம்பி வாதி சேர்க்காமல் விட்ட ஆவணங்களை யார் திருப்பித் தருவது? ஒப்புதல் எந்தச் சூழலில் வந்தது என்று விளக்கம் சேர்க்கக் கேளுங்கள், அதற்கு இடம் உண்டு.

விசாரணை தொடங்கிய பிறகு உண்மையிலேயே திருத்தம் தேவைப்படும் வழக்கும் வரும். வா.சா.1-ஐக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கும்போதே பிரதிவாதி சொத்தை மூன்றாம் நபருக்குக் கிரயம் செய்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசாரணைக்கு முன் அது நடக்கவே இல்லை, ஆகவே எழுப்பியிருக்கவும் முடியாது. அங்கே பிரமாணப் பத்திரத்தில் நான் மூன்று தேதி எழுதுவேன்: ப்ரூஃப் அஃபிடவிட் தாக்கலான நாள், கிரயம் பதிவான நாள், வில்லங்கச் சான்றில் கட்சிக்காரர் அதைப் பார்த்த நாள். மூன்றாவது தேதிக்கும் மனுப் போடும் தேதிக்கும் இடையே சில வாரங்கள்தான் இருக்க வேண்டும். ஒரு வருடம் இருந்தால், அந்த வருடத்தில் என்ன செய்தீர்கள் என்று எதிர் வக்கீல் கேட்பார், கேட்க வேண்டும். சான்றை மனுவோடு சேருங்கள், வாதத்தின்போது நீட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள்.

மனு அனுமதிக்கப்பட்டால் அதோடு வேலை முடியவில்லை. உத்தரவில் கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் பிராதில் திருத்தத்தைச் செய்துவிட வேண்டும். கட்டளை 6 விதி 18. அனுமதி வாங்கிய சந்தோஷத்தில் திருத்தாமலே விட்டு, வாதக் கட்டத்தில் பழைய பிராதோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் அறையில் ஒரு வழக்கம் உண்டு. எழுவினா வனைவதற்கு முந்தைய வாரம் கட்சிக்காரரை வரச்சொல்லி, பிராதையும் எதிர்வழக்குரையையும் ஜூனியர் சத்தமாகப் படிப்பார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், “இதற்கப்புறம் ஏதாவது நடந்ததா?” என்று கேட்போம். பீரோவில் இருக்கும் ரசீதெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வருகின்றன.

அன்புடன்,
ஒரு மூத்த சக வழக்கறிஞர்