வங்கிகளின் கடன் கண்காணிப்புப் பிரிவுகளுக்கும் தடயவியல் தணிக்கையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் தணிக்கையாளர்களுக்கும் வணக்கம்.

கடன் பணம் வேறு வழியில் போய்விட்டது என்று நீங்கள் எழுதும் அறிக்கைகளைப் படித்து, கணக்கை மறுபடி போட்டுச் சரிபார்ப்பது எங்கள் வேலை. அந்த அறிக்கைகளில் இரண்டு வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பணம் போய்ச் சேர்ந்த முதல் வங்கிக் கணக்கோடு நின்றுவிடுவது ஒன்று. பதிவுகளை மட்டும் பிடித்துக்கொண்டு, இருப்பைப் பார்க்காமல் ஓடுவது மற்றொன்று. முதலாவதால் தப்பு செய்தவர் தப்பிக்கிறார். இரண்டாவதால், போகாத இடத்துக்கும் பணம் போனதாக எழுதப்பட்டு, அறிக்கை முழுவதுமே விசாரணையில் விழுந்துவிடுகிறது.

கணக்கைக் காட்டுவதற்காக ஓர் உதாரணம் கட்டியிருக்கிறோம். ஒரு நூற்பாலைக்கு ஜூன் 4-ஆம் தேதி 200 லட்சம் ரூபாய் நடைமுறை மூலதனக் கடன் வரவாகிறது. அன்று காலையே அதில் 180 லட்சம் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் ஒரு பஞ்சு வியாபாரியின் கணக்குக்குப் போகிறது. மீதி 20 லட்சம் ஆலையின் கூலிக்கும் மின் கட்டணத்துக்கும் செலவாகிறது. கிளையின் கோப்பில் பஞ்சு பில் இருக்கிறது, பட்டயக் கணக்காளரின் சான்றிதழ் இருக்கிறது, ‘இறுதிப் பயன்பாடு சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையும் இருக்கிறது. கணக்காளர் சான்றிதழை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஆனாலும் பெரும்பாலான கோப்புகள் இங்கேயே மூடப்படுகின்றன.

அடுத்த கணக்கின் அறிக்கை கைக்கு வராமலே இந்த பில்லைச் சோதிக்க முடியும். கண்டி 60,000 ரூபாய் என்று வைத்தால் 180 லட்சத்துக்கு 300 கண்டி. கண்டிக்கு 356 கிலோ, ஆக ஏறத்தாழ 107 டன். 170 கிலோ பேலாக எண்ணினால் 628 பேல். லாரிக்கு நூறு பேல் என்றால் ஆறேழு லோடு வந்திருக்க வேண்டும். அத்தனை லோடுக்கும் இ-வே பில், எடைமேடைச் சீட்டு, ஆலையின் பஞ்சு வரவுப் பதிவு இருக்கிறதா? ஒரே ஒரு லோடுக்குத்தான் இருக்கிறது என்றால் மீதிப் பணம் பஞ்சாக மாறவில்லை.

இப்போது பஞ்சு வியாபாரியின் கணக்கைத் திறப்போம். கடன் பணம் வருவதற்கு முன் அதில் சில ஆயிரங்கள்தான் இருப்பு. 180 லட்சம் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் 30 லட்சம் ஒரு ஜின்னிங் ஆலைக்குப் போகிறது. அது உண்மையான பஞ்சு, அந்த ஒரு லோடு. மீதி 150 லட்சம் ஆலை இயக்குநரின் குடும்பத்தார் பங்குதாரர்களாக இருக்கும் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. வந்த வேகத்தில் காலியாகும் இப்படிப்பட்ட கணக்கில் கலப்பு இல்லை, அதனால் வாதமும் இல்லை. ஆர்.டி.ஜி.எஸ். பதிவின் 22 எழுத்து யூ.டி.ஆர். எண், அனுப்பிய கணக்கிலும் பெற்ற கணக்கிலும் ஒன்றாகவே இருக்கும். தொகையும் தேதியும் ஒத்துப்போனால் போதும் என்று இருந்துவிடாமல் எண்ணோடு எண்ணைப் பொருத்துங்கள். ஒரே வங்கிக்குள் நடக்கும் மாற்றத்துக்கு யூ.டி.ஆர். இருக்காது. அங்கே வங்கியின் உள் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

குடும்ப நிறுவனத்தின் கணக்கில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அது ஓவர்டிராஃப்ட் கணக்கு. ஜூன் 4 காலையில் அதன் இருப்பு 60 லட்சம் `Dr`, அதாவது அந்த நிறுவனம் தன் வங்கிக்குத் தர வேண்டிய பாக்கி. அறிக்கையை எக்செலுக்கு மாற்றும்போது இந்த `Dr` காணாமல் போவது அடிக்கடி நடக்கிறது. பாக்கி அறுபது, கையிருப்பு அறுபதாகத் தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரியின் இருப்பையும் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். D பத்தியில் பற்று, E பத்தியில் வரவு, F பத்தியில் இருப்பு, அது `Dr` என்றால் கழித்தல் குறியோடு என்று வைத்தால்:

```
=ROUND(F2+E3-D3-F3,2)
```

எல்லா வரியிலும் பூஜ்யம் வர வேண்டும். வராத வரியில் குறி மாறியிருக்கும், அல்லது ஒரு பதிவு விடுபட்டிருக்கும், அல்லது யாரோ கை வைத்திருப்பார்கள். கடன்தாரர் கொடுத்த பி.டி.எஃப். அறிக்கைகளில் இந்த மூன்றையும் பார்க்கலாம். அதனால்தான் 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றளித்த பிரதியை வங்கியிடமே வாங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

குறியைச் சரியாக வைத்தால், 150 லட்சம் வந்ததும் 60 பாக்கி அடைந்து, 90 லட்சம் கையிருப்பாகிறது. அந்த 60 அங்கேயே முடிந்தது. அது ஒரு குழும நிறுவனத்தின் கடனை அடைத்திருக்கிறது. அடுத்த மாதம் அந்த நிறுவனம் மறுபடி ஓவர்டிராஃப்ட் எடுத்தால் அது வேறு வங்கியின் புதுக் கடன். அதை உங்கள் பணம் என்று தொடர்ந்து போகாதீர்கள். அதே சமயம், பழைய பாக்கி எப்போது, எதற்காக உண்டானது என்று பின்னோக்கிப் பாருங்கள். மே மாதம் ஒரு நில முன்பணத்துக்காக எடுத்தது என்று தெரிந்தால் அதைத் தனிப் பத்தியில் ஊகமாக எழுதுங்கள். தடம் பிடித்த தொகைகளின் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஜூன் 5-ஆம் தேதி இரண்டு பதிவுகள். நிலம் விற்றவர் பெயரில் 50 லட்சத்துக்கு டி.டி. எடுக்கப்படுகிறது. விற்பனை வசூலாக 40 லட்சம் வரவாகிறது. அச்சிட்ட அறிக்கையில் தேதி மட்டும் இருக்கிறது, வரவு மேலே வந்திருக்கிறது. கலந்த பணத்தில் சொந்தப் பணமே முதலில் செலவானது என்ற விதியை எடுத்தால், வசூல் முதலில் வந்திருந்தால் நிலத்துக்குப் போன கடன் பணம் 10 லட்சம்தான். டி.டி. முதலில் எடுக்கப்பட்டிருந்தால் முழு 50 லட்சமும் கடன் பணம், ஏனென்றால் அந்த நேரத்தில் கணக்கில் வேறு பணமே இல்லை. ஒரே நாளின் இரண்டு வரிகளில் 40 லட்சம் வித்தியாசம். வங்கியின் மையக் கணினியில் ஒவ்வொரு பதிவுக்கும் நேரம் உண்டு. கேட்டால் கிடைக்கும். நம் உதாரணத்தில் டி.டி. காலை 11.05, வசூல் மாலை 3.40. ஆகவே நிலத்துக்கு 50.

இப்போது கணக்கில் 80 லட்சம்: கடன் பணம் 40, வசூல் 40. அடுத்த பத்து நாளில் சம்பளம், மின்சாரம், சரக்குக் கொள்முதல் என்று 65 லட்சம் செலவாகி இருப்பு 15 ஆகிறது. ஜூன் 16 அன்று அதில் 12 லட்சம் இயக்குநரின் சேமிப்புக் கணக்குக்குப் போய், அங்கிருந்து அன்றே ஆலையின் கணக்குக்கு ‘இயக்குநர் தந்த கடன்’ என்ற பெயரில் திரும்புகிறது. ஆலை அதை வைத்துப் பழைய தவணையையும் இந்தக் கடனின் முதல் வட்டியையும் கட்டுகிறது. உங்கள் திரையில் கணக்கு ஒழுங்காக இருப்பதாகத் தெரியும்.

இந்த 12 லட்சம் உங்கள் பணம்தானா என்பது எந்த விதியை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சொந்தப் பணம் முதலில் போனது என்றால், 65-இல் வசூல் 40, கடன் 25. மீந்த 15-உம் கடன் பணம், 12-உம் அதிலிருந்து போனதே. முதலில் வந்தது முதலில் போனது என்ற விதியில், கடன் பணம் 40-உம் அந்தச் செலவுகளிலேயே தீர்ந்துவிட்டது. 12 வசூல் பணம். இரண்டும் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிமன்றங்கள் வகுத்தவை. பின்னது 1816-இல் கிளேட்டன் வழக்கில் வந்தது, முன்னது 1880-இல் ஹாலெட் வழக்கில். ஹாலெட் விதி பிறர் பணத்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்காகச் சொல்லப்பட்டது. வங்கிக் கடன் அப்படிப்பட்ட பொறுப்புப் பணம் அல்ல, கடன்தான். அதனால் எந்த விதியும் தானாகப் பொருந்திவிடாது. எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று எழுதியே ஆக வேண்டும். ஒரே அறிக்கையில் ஒரு கணக்குக்கு ஒரு விதி, இன்னொன்றுக்கு வேறு விதி என்று வசதிக்கு மாற்றுவதையும் பார்க்கிறோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

இன்னொரு எல்லையும் உண்டு. 12 போனபின் இருப்பு 3 லட்சம். பிறகு 70 லட்சம் வசூல் வந்து, அதிலிருந்து 30 லட்சத்துக்கு ஒரு கார் வாங்கப்படுகிறது. காரும் கடன் பணத்தில்தான் என்று எழுதத் தோன்றும். ஆனால் கடன் வந்த பிறகு இருப்பு எந்த அளவுக்குக் கீழே இறங்கியதோ, அதற்கு மேல் கடன் பணம் அந்தக் கணக்கில் மிச்சம் இருக்க முடியாது. எந்த விதியை எடுத்தாலும் அந்தக் காருக்குள் 3 லட்சத்துக்கு மேல் உங்கள் பணம் இல்லை.

குடும்ப நிறுவனத்துக்குப் போன 150 லட்சத்தை இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு விதியில் 60 பாக்கிக்கு, 50 நிலத்துக்கு, 25 செலவுகளுக்கு, 12 இயக்குநர் வழியாகத் திரும்பியது, 3 மிச்சம். மற்றதில் 60, 50, 40. இரண்டிலும் அசையாமல் நிற்பது முதல் இரண்டும், ஆக 110 லட்சம். உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்த 110 இருக்கட்டும். விதிக்கு விதி மாறும் தொகைகளை அடுத்த பக்கத்தில் இரண்டு பத்திகளாகப் போடுங்கள். வேண்டுமென்றே கடன் தவறியவர்கள் குறித்த ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் 25 லட்சமோ அதற்கு மேலோ பாக்கி உள்ள கடன்களுக்குப் பொருந்தும். குறுகிய காலக் கடனை நீண்ட காலச் சொத்தில் போடுவதும், குழும நிறுவனத்துக்கு மாற்றுவதும் அதில் திசைதிருப்பல் என்றே சொல்லப்பட்டிருக்கின்றன. நிலம் 50 முதல் வகை, பாக்கி 60 இரண்டாவது. கடன்தாரருக்கு விளக்க நோட்டீஸ் போய், பதில் சொல்ல 21 நாள் அவகாசமும் உண்டு. அந்தப் பதிலைத் தாங்கி நிற்க வேண்டியது இந்த 110தான்.

கடைசியாக, கண்காணிப்புப் பிரிவினருக்கு. பஞ்சு வியாபாரியின் கணக்கும் குடும்ப நிறுவனத்தின் கணக்கும் வேறு வங்கிகளில் இருக்கும். கணக்கு கெட்ட பிறகு கேட்டால் வாடிக்கையாளர் ரகசியம் என்று சொல்லி அவை தரமாட்டா. தர வைக்கத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்கும். கடன் ஒப்புதல் கடிதத்திலேயே, குழும நிறுவனங்களும் உத்தரவாதம் தரும் இயக்குநர்களும் தங்கள் எல்லாக் கணக்குகளின் அறிக்கையையும் நீங்கள் பெறுவதற்கு எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள். வியாபாரியிடம் அந்தச் சம்மதம் கிடைக்காது. அவரிடம் கேட்க வேண்டியது எடைச் சீட்டும் இ-வே பில்லும். அறிக்கைகளைக் கேட்கும்போது கடன் வந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்து, பதிவு நேரத்தோடும், எதிர்க்கணக்கு எண்ணோடும், வெட்டப்படாத விவரப் பத்தியோடும், எக்செல் கோப்பாகக் கேளுங்கள். உபரியைத் தானாக வைப்புநிதிக்கு மாற்றும் வசதி அந்தக் கணக்கில் இருந்தால் அந்த வைப்புநிதிக் கணக்கையும் சேர்த்தே கேளுங்கள். இல்லாவிட்டால், அங்கே போய் உட்கார்ந்திருக்கும் பணம் செலவானதாகத் தெரிந்து, இருப்பு எந்த அளவுக்குக் கீழே இறங்கியது என்ற கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

இப்படிக்கு,
வங்கிக் கணக்கு அறிக்கைகளைச் சரிபார்க்கும் சிலர்