முகூர்த்த பிளவுசுக்குக் கண்ணாடியா, சமிக்கியா, மணியா, ஜர்தோசியா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிளவுஸ் வேலைப்பாட்டுக்கு வருகிற பலர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி பளபளன்னு வேணும்" என்று கேட்கிறீர்கள். கண்ணாடி, சமிக்கி, மணி, ஜர்தோசி நான்குமே படத்தில் பளபளவென்றுதான் இருக்கும். உடுத்தி நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒரு விதம். அதனால்தான் டிசைனைப் பார்க்கும் முன்பே, எந்த நேரத்தில் உடுத்துவீர்கள், துணி என்ன என்று கேட்கிறோம்.

கண்ணாடிக்குச் சொந்தமாக நிறம் இல்லை. எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். தோள்பட்டையில் வைத்த கண்ணாடி மேலே பார்த்திருப்பதால் மண்டபத்து விளக்கு அதில் விழுந்து பளிச்சென்று வெட்டும். அதே கண்ணாடியைக் கைப்பக்கம் வைத்தால் எதிர்ச்சுவரைக் காட்டும். சுவர் இருட்டாக இருந்தால் போட்டோவில் கறுப்புப் பொட்டாகத்தான் விழும். கை அசையும்போது மட்டும் சட்டென மின்னும். அந்த மின்னல் பிடித்தவர்களுக்கு அதைப்போல வேறில்லை. கட்ச் பகுதிப் பெண்களின் பாவாடையிலும் ரவிக்கையிலும் இந்த வேலைப்பாடு பொருந்துவதற்கு வெயிலும் ஒரு காரணம், கெட்டியான பருத்தித் துணியும் ஒரு காரணம்.

துணியைச் சொல்லக் காரணம் உண்டு. கண்ணாடியில் துளை கிடையாது. மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டு, அதைச் சுற்றிப் பின்னித்தான் பிடித்து வைக்கிறோம். கண்ணாடியின் எடையும் பின்னலின் இழுப்பும் துணியில்தான் இறங்கும். ஒரு முறை ஜார்ஜெட் பிளவுசில், அகலமான பின்கழுத்தைச் சுற்றி நிஜக் கண்ணாடி வைத்துக் கொடுத்தோம். மேஜையில் அழகாக இருந்தது. உடுத்தியதும் கழுத்து பின்னால் தொங்கி, தோள் சரிந்துகொண்டே வந்தது. தவறு எங்களுடையது. கண்ணாடியை எல்லாம் பிரித்தெடுத்தோம். கழுத்தில் சமிக்கி வைத்து, கண்ணாடியைக் கை விளிம்புக்கு மாற்றிக் கொடுத்தோம். விளிம்பில் அந்த எடையே துணியை நேராகத் தொங்க வைத்தது.

சமிக்கி எடையே தெரியாது. தட்டைச் சமிக்கி குட்டிக் கண்ணாடி போல ஒரே பக்கம் அடிக்கும். குழிந்து பட்டை வெட்டிய சமிக்கி நாலா பக்கமும் சிதறும். நடுத்துளையில் ஒரே தையலில் நிற்பதால் நடக்கும்போது லேசாக ஆடி மினுமினுக்கும். ரிசப்ஷனின் வீடியோ விளக்குக்கு இதுதான் சரி. ஒன்றே ஒன்று, அக்குளோரம் வேண்டாம், விளிம்பு உராய்ந்து தோல் சிவந்துவிடும். இஸ்திரிச் சூடு நேராகப் பட்டாலும் சுருங்கிவிடும்.

மணி உருண்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சின்னப் புள்ளி ஒளி அதில் இருந்துகொண்டே இருக்கும். கண்ணைக் கூசாது, கிட்டே வந்து பார்க்கிறவர்களுக்கான அழகு. ஆனால் நெருக்கி வைத்தால் நான்கிலும் கனமாவது இதுதான். ஆரி ஊசியில் போடுவது சங்கிலித் தையல் என்பதால், வரிசையின் முனையில் முடிச்சு அவிழ்ந்தால் சரசரவென்று மொத்த வரிசையும் கொட்டும். எங்கே வாங்கினாலும் பிளவுசைப் புரட்டி, ஒவ்வொரு வரிசை முனையிலும் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜர்தோசி என்று நாம் வைப்பது, மெல்லிய கம்பியைச் சுருட்டிய ஸ்பிரிங். அதைத் துண்டு துண்டாக வெட்டி மணி போல ஊசியில் கோத்துத் தைக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளி ஒளி விழுந்து, அத்தனையும் சேர்ந்து கோடாக ஓடும். அதனால் கண்ணாடி போலப் பளிச்சென்று வெட்டாமல் நிதானமாக ஒளிரும். அதிகாலை முகூர்த்தத்தில் குத்துவிளக்கு வெளிச்சத்தில் இதற்கு நிகராக எதையும் நாங்கள் பார்த்ததில்லை.

இதில் வேலையின் தரம் வெட்டும் அளவில் இருக்கிறது. துண்டு ஒரு இழை நீளம் கூடினாலும் வளைந்து மேலே எழும்பி நிற்கும்; முந்தானை அதில் மாட்டும். இழுபட்ட ஸ்பிரிங் திரும்பச் சுருளாது. குறைந்தால் இடையில் நூல் தெரியும். ஒரு மெல்லிய துப்பட்டாவை மேலே இழுத்துப் பாருங்கள். எங்கும் சிக்காமல் வழுக்கிப் போனால் நல்ல வேலை. பட்டு, ரா சில்க், வெல்வெட் இதைத் தாங்கும். மெல்லிய துணி என்றால் அடியில் இன்னொரு துணி கொடுத்துத்தான் போடுவோம். வியர்வையும் சென்ட்டும் பட்டால் கறுக்கும். சென்ட் போட்டு, அது காய்ந்த பிறகு உடுத்துங்கள். உள்ளே வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்றினால் போதும்.

காலைக்கும் மாலைக்கும் ஒரே பிளவுஸ் என்றால் கழுத்தில் ஜர்தோசி, கையில் இடையிடையே குழிச் சமிக்கி என்று பிரித்துப் போடலாம். ஆர்டர் கொடுக்கும்முன் உங்கள் துணியிலேயே ஒரு சாண் வெட்டுத்துண்டு கொண்டுவாருங்கள். நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுத் தருகிறோம். வீட்டில் ஒருமுறை டியூப் லைட்டிலும், ஒருமுறை விளக்கேற்றி வைத்தும் பார்த்துவிட்டு, அப்புறம் முடிவு சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆரி தையலகத்தார்