மண்டபத்தின் குற்றம் பாடகியின் தலையில்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கச்சேரி விமர்சனத்தில், “ஒலிப்பதிவில் கேட்ட குரல் எங்கே, மேடையில் கேட்ட குரல் எங்கே, இவர் குளியலறையோடு நின்றிருக்கலாம்” என்று ஓர் இளம் பாடகியைச் சாடியிருந்தீர்கள். அன்று ஒலியமைப்பு மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எனவே அந்த வசவில் எனக்கும் பங்குண்டு. பெரும்பங்கு மண்டபத்துக்கு.

விருத்தம் உருக்கியதாகவும், கல்பனாஸ்வரம் மட்டும் “கஞ்சிபோல் குழைந்ததாகவும்” விமர்சகரே எழுதியிருக்கிறார். களைத்த குரல் என்றால் நீண்ட கார்வைகளில்தான் முதலில் தடுமாறியிருக்கும். மெதுவாகப் பாடியது இனித்து, வேகமாகப் பாடியது மட்டும் குழம்பினால் நான் குரலைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்ப்பேன்.

அந்த மண்டபம் சுமார் 20 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், 6 மீற்றர் உயரம். சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, கொங்கிரீட் கூரை. இவை தங்கள் மீது விழும் ஒலியில் மிகப் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். திறந்த யன்னல் அப்படியல்ல, போன ஒலி போனதுதான். அதனால்தான் 1890களில் இந்தக் கணக்கை முதலில் போட்ட ஹார்வர்ட் பேராசிரியர் வாலஸ் சபைன், திறந்த யன்னலையே உறிஞ்சலின் அளவுகோலாக வைத்துக்கொண்டார். சபையில் இருக்கும் ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீற்றர் திறந்த யன்னலுக்குச் சமம். அன்று ஏசிக்காக யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சுவர், மேடைத் திரை எல்லாம் சேர்த்து 46 சதுர மீற்றர் தேறும் என்று வைத்துக்கொள்வோம். 300 கதிரைகள் போட்டிருந்தார்கள். மழையால் வந்தவர்கள் எண்பது பேர்தான். மண்டபத்தின் கனவளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால், எழுந்த ஒலி அடங்க எடுக்கும் நேரம் கிடைக்கும். எண்பது பேருக்கு அது 2.7 செக்கன். முந்நூறு பேரும் வந்திருந்தால் 1.2 செக்கன்.

செக்கனுக்கு எட்டு ஸ்வரம் என்ற வேகத்தில் அவர் பாடும்போது, முன்னே பாடிய இருபது ஸ்வரங்களின் வால்கள் தேய்ந்தபடி காற்றில் நிற்கின்றன. புதிய ஸ்வரம் அவற்றுக்குள் விழுகிறது. விருத்தத்திலோ அதே வால் தம்பூராபோல் அடியில் ஓடிக் குரலைத் தாங்குகிறது. பாடகியிடம் எந்த மாற்றமும் இல்லை.

இடையில் அமைப்பாளர் ஒருவர் ஓடிவந்து, “தம்பி, விளங்கவில்லை, சத்தத்தைக் கூட்டுங்கள்” என்றார். கூட்டினால் குரலோடு முழக்கமும் அதே அளவு கூடும். இப்படிப்பட்ட மண்டபத்தில் ஒலிபெருக்கியிலிருந்து சில மீற்றர் தள்ளிப் போனதுமே, நேரே வரும் ஒலியைவிடச் சுவர்களில் பட்டு வரும் ஒலிதான் ஓங்கி நிற்கும். நான் சத்தத்தைக் குறைத்து, அடிச்சுருதியின் கனத்தைத் தணித்து, பின்சுவரை நோக்கியிருந்த ஒலிபெருக்கிகளைக் கீழே, சபையின் பக்கம் சாய்த்தேன். பின்னால் இருந்தவர்களை முன்னே வரச் சொல்லிக் கேட்டோம். கடைசி இரண்டு உருப்படிகள் ஓரளவு தெளிந்தன. விமர்சகர் அதற்குள் புறப்பட்டிருக்கலாம்.

குளியலறைக்கு வருவோம். வெள்ளவத்தையில் என் வீட்டுக் குளியலறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 1.25 மீற்றர். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகிறது. அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தி நிற்பது செக்கனுக்கு 140 தடவை அதிரும் ஒலி. என் சுருதி ஒன்றரைக் கட்டை, ஷட்ஜம் 139க்குச் சற்றுக் கீழே. ஆகவே நான் ‘ஸா’ பிடித்தால் அறையே கூடச் சேர்ந்து பொங்குகிறது; ரிஷபத்துக்கு ஏறியதும் அந்தப் பொங்கல் அடங்கிவிடுகிறது. என் மனைவி இதைப் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார், இவ்வளவு நாகரிகமான சொற்களில் அல்ல.

கலையகத்திலோ சுவர் எதையும் திருப்பித் தருவதில்லை. தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று பாடுபவர் தொண்டையை அழுத்தத் தொடங்குவார், சுருதி நகரும். அதனால் ஹெட்போனில் மட்டும் கொஞ்சம் செயற்கை முழக்கம் கலந்து கொடுப்போம்; பதிவில் அது ஏறாது. ஏறிவிட்டால் பிறகு எடுக்க முடியாது, சேர்ப்பதோ எளிது. விமர்சகர் மெச்சிய அந்த ஒலிப்பதிவில் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கி இருந்தது. மண்டபத்தின் பன்னிரண்டாம் வரிசையில் அந்த ஒரு சாண் கிடைக்காது.

அடுத்த விமர்சனத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தார், எத்தனை கதிரைகள் காலியாக இருந்தன என்பதையும் அவர் ஒரு வரி எழுதினால் நல்லது. நேரமிருந்தால் கச்சேரிக்கு முன் மண்டப நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டி, அது அடங்கும்வரை எண்ணிப் பார்க்கட்டும்.

ஒலியமைப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு