வேகம் தோளில் இல்லை, முன்காலில் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வேகப்பந்து வீச்சுக்கு ஆசைப்படும் மாணவர்களுக்கென்று வந்த கட்டுரையைப் படித்தேன். தோளுக்கும் புஜத்துக்கும் எடை தூக்கச் சொல்லியிருந்தீர்கள். காலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே கடலோரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் கரைவலை இழுத்து வளர்ந்தவர்கள். தோள் வலுவில் அவர்களுக்குக் குறையே கிடையாது. ஆனாலும் அவர்களில் பலருடைய பந்து, ஓடி வரும் வேகத்துக்குத் தகுந்தபடி போகாது. காரணம் கையில் இல்லை. வலது கைப் பந்துவீச்சாளர் என்றால் கடைசியாக ஊன்றுகிற இடது காலில் இருக்கிறது.

வள்ளம் கரை தட்டும்போது அதில் நிற்பவரைப் பாருங்கள். அடிப்பகுதி சட்டென்று நின்றுவிடும், நிற்பவரின் மேலுடம்பு முன்னால் பாயும். பந்துவீச்சில் நடப்பதும் அதுதான். முன்கால் நீட்டி ஊன்றியதும் இடுப்பு நிற்கிறது. ஓடி வந்த வேகமெல்லாம் இடுப்புக்கு மேலே ஏறி, உடம்பை முன்னால் மடக்குகிறது. முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், பின்னாலேயே நெஞ்சும் தோளும், கடைசியில் கை. ஒன்று வேகம் குறையும்போது அதற்கு மேலே உள்ளது வேகம் எடுக்கும். கைனடிக் செயின் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான். கை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, அவ்வளவே.

முன்கால் ஊன்றுவதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் அந்தக் காலில் உடல் எடையைப் போல் ஐந்து, ஆறு மடங்கு விசை இறங்கிவிடும். 60 கிலோ பையனுக்கு 300 கிலோவுக்கு மேல்! முழங்கால் அப்போது மடங்கிவிட்டால் அந்த விசை தொடையிலேயே கரைந்து போகும். மேலே ஏறாது.

என்னிடம் வந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. பந்து வேகமாகப் போகவில்லை, தோள் மட்டும் வலித்தது. “சார், இன்னும் கொஞ்சம் வேகமா ஓடி வரட்டுமா?” என்று கேட்டான். “ஓடுறது போதும்ப்பா, ஊன்றுறதைப் பார்ப்போம்” என்று சொல்லி, பக்கவாட்டில் நின்று செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்தேன். நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் என்றால் கால் ஊன்றுவதற்கும் பந்து விடுவதற்கும் நடுவே இருபத்து சொச்சம் படங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. கால் ஊன்றியதும் முழங்கால் மடங்கிக்கொண்டே போனது. அதோடு, கால் தரையைத் தொடும்போதே பந்து வீசும் கை தலைக்கு மேல் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கை இன்னும் பின்தங்கியிருக்க வேண்டும். இடுப்பும் மார்பும் அனுப்பியதை வாங்குவதற்கு முன்பே கை தன் பாட்டுக்குச் சுழன்றால், மொத்த வேலையையும் தோள் ஒன்றே செய்ய வேண்டியிருக்கும். அவனுக்கு வலித்ததன் காரணமும் அதுதான்.

அவனுடைய ஓட்டத்தைக் குறைத்தேன். முன்காலைத் தாங்கி நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் ஓடி வரச் சொன்னேன். அப்புறம் ஆடும் இடத்தையும் மாற்றினேன். அவன் பழகியது கடற்கரையின் பொடிமணலில். அங்கே கால் புதையும், வழுக்கும். எவ்வளவு நன்றாக ஊன்றினாலும் மணல் பாதியைத் தின்றுவிடும். மடங்கிய காலோடு வீசிப் பழகுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. வற்றிக் காய்ந்த கண்மாய்த் தரையில் வீச ஆரம்பித்த பிறகு கால் நின்றது, கையைச் சுழற்ற அவசரப்படுவதும் குறைந்தது. பந்து எழும்பி வருவதைப் பார்த்து விக்கெட் கீப்பர் தானாகவே பின்னால் தள்ளி நின்றான்.

சரி, இதைப் படித்துவிட்டு யாரும் எல்லாப் பிள்ளைகளையும் காலை விறைப்பாக நீட்டு என்று விரட்ட வேண்டாம். முன்காலை மடக்கியே நன்றாக வீசியவர்களும் உண்டு. நீட்டிய கால் கடத்துகிற விசை முதுகெலும்பு வழியாகத்தான் மேலே போகிறது. வளரும் வயதில் அந்த எலும்பு முழுதாகக் கெட்டிப்படுவதில்லை. இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் முறுக்கிக்கொண்டு, உடம்பு பக்கவாட்டில் அதிகம் சாயும் வீச்சு என்றால் கீழ்முதுகில் எலும்பு விரிசல் விட வாய்ப்பு கூடும். பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப் பக்கத்தில்தான் வரும். வலது கைக்காரர் இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வலிக்கிறது என்றாலோ, ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது வலி கூடினாலோ, தைலம் தடவி அடுத்த நாளும் பந்து வீச வைக்காதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படலாம் என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து இந்தப் பகுதியில் பயிற்சிக் குறிப்பு வெளியிடும்போது, முன்கால் ஊன்றும் படத்தையும் பந்தை விடும் படத்தையும் அருகருகே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ராமநாதபுரம் மாவட்டம்