அடாப்டிவ் சிங்க் குறித்த தவறான விவரம்: புகார் கடிதம்

அனுப்புநர்
(பெயர், முகவரி, தொலைபேசி எண் விலைப்பட்டியல் நகலில் உள்ளபடி)

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: 27 அங்குல, 2560 × 1440, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரின் அட்டைப்பெட்டியில் அடாப்டிவ் சிங்க் பற்றி அச்சிட்டுள்ள விவரம் தவறு, பெட்டியில் தந்த கேபிளைக் கொண்டு அந்த வசதியை என் கார்டில் பயன்படுத்த முடியவில்லை என்பது குறித்து.

ஐயா / அம்மையீர்,

தங்கள் மானிட்டரின் பெட்டியில் "அடாப்டிவ் சிங்க் 48–144 ஹெர்ட்ஸ், எச்.டி.எம்.ஐ. மற்றும் டிஸ்ப்ளேபோர்ட்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். எந்தக் கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த போர்ட்டில் அது வேலை செய்யும் என்ற குறிப்பு பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. பெட்டிக்குள் இருந்த ஒரே கேபிள் எச்.டி.எம்.ஐ. கேபிள். அதை என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் செருகினால் 144 ஹெர்ட்ஸ் வருகிறது, கார்டின் படவேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சிங்க் வரவில்லை. விளையாட்டில் பார்வையைத் திருப்பும்போதெல்லாம் படம் குறுக்கே கிழிகிறது.

உங்கள் சேவை மையம் இதற்கு மூன்று காரணங்கள் சொன்னது: கேபிள் தரமற்றது, கார்டு பழுது, டிரைவர் பழையது. மூன்றும் தவறு. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். இதைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், கிழிசல் எங்கிருந்து வருகிறது என்பது. 144 ஹெர்ட்ஸில் ஓடும் திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைய 6.94 மில்லிவினாடி எடுக்கிறது. கார்டு நொடிக்கு 90 படம் தயாரித்தால் ஒரு படத்துக்கு 11.1 மில்லிவினாடி ஆகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால், திரை ஒரு படத்தைப் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படம் நுழைந்துவிடுகிறது. மேல்பகுதியில் பழைய படம், கீழ்ப்பகுதியில் புதிய படம். இரண்டும் சேரும் இடத்தில் கோடு. 144-ஐ 90-ஆல் வகுத்தால் 1.6. எனவே கோடு முதலில் திரையின் 60 சதவீத உயரத்தில் விழும், அடுத்து 20-இல், பிறகு 80-இல், அதன்பின் 40-இல் என்று தாவித் தாவி வரும். நான் படவேகத்தை 90-இல் கட்டி வைத்துப் பார்த்தபோது எச்.டி.எம்.ஐ. வழியில் தெரிந்ததும் இதே தாவல்தான். பேனல் பழுதென்றால் கோடு ஓரிடத்தில் நிலையாக நிற்கும், கணக்குப்படி நகராது.

வி-சிங்க் போட்டால் கிழிசல் போகும் என்று சேவை மையத்தில் சொன்னார்கள். போகும்தான். ஆனால் அங்கே கார்டு திரைக்காகக் காத்திருக்கிறது. 11.1 மில்லிவினாடியில் தயாரான படம், திரையின் அடுத்த சுற்று தொடங்கும் 13.9-ஆவது மில்லிவினாடி வரை நிற்கவேண்டும். தயாரான படத்தை வைத்திருக்க இரண்டு பஃபர் மட்டும் உள்ள விளையாட்டில் 90 என்பது 72-க்கு இறங்கிவிடும், மவுஸ் அசைவும் தாமதமாகத் தெரியும். அடாப்டிவ் சிங்க் இதைத் தலைகீழாகச் செய்கிறது: கார்டுக்காகத் திரை காத்திருக்கிறது. ஒரு படத்தின் கடைசி வரிக்கும் அடுத்த படத்தின் முதல் வரிக்கும் நடுவே உள்ள வெற்று நேரத்தை மானிட்டர் நீட்டிக்கொள்கிறது; புதிய படம் வந்ததும் வரையத் தொடங்குகிறது. 90 படம் வந்தால் திரையும் அந்த நேரத்தில் 90 ஹெர்ட்ஸ். இந்த வசதிக்காகத்தான் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை விட்டு இதை வாங்கினேன்.

இனி உண்மையான காரணம். திரை காத்திருக்கவேண்டுமானால், "நான் இந்த அளவு முதல் இந்த அளவு வரை காத்திருப்பேன்" என்று மானிட்டர் கார்டிடம் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். அந்த அறிவிப்பு ஈ.டி.ஐ.டி. என்ற சிறு தரவுத்தொகுதியில் போகிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி ஈ.டி.ஐ.டி. உண்டு, ஒவ்வொன்றும் தனி முறையில் அறிவிக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட்டில் அடாப்டிவ் சிங்க் என்பது திரைத் தரநிலைகளை வகுக்கும் வெசா அமைப்பு 2014-இல் 1.2ஏ பதிப்பில் சேர்த்த பொது முறை, ஏ.எம்.டி., என்விடியா இரண்டின் கார்டுகளும் அதைப் புரிந்துகொள்ளும். என்விடியா 2019 ஜனவரியில் ஜி.டி.எக்ஸ். 10 வரிசையிலிருந்து இதற்கு டிரைவர் ஆதரவு தந்தது. எச்.டி.எம்.ஐ.-யில் அப்படி இல்லை. அங்கே இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஏ.எம்.டி. தன் ஃப்ரீசிங்குக்காகத் தானே சேர்த்துக்கொண்ட நீட்சி, மற்றொன்று எச்.டி.எம்.ஐ. 2.1-உடன் வந்த வி.ஆர்.ஆர். என்விடியா கார்டுகள் இரண்டாவதை மட்டுமே ஏற்கின்றன.

தங்கள் மானிட்டரின் எச்.டி.எம்.ஐ. போர்ட் எதைச் சொல்கிறது என்பதை லினக்ஸில் நேரடியாகப் படித்துப் பார்த்தேன். தங்கள் பொறியாளரும் இதே கட்டளையைப் போட்டுப் பார்க்கலாம். கார்டு எண்ணும் போர்ட் பெயரும் கணினிக்குக் கணினி மாறும்.

```
edid-decode /sys/class/drm/card0-HDMI-A-1/edid
```

விடையில் `Vendor-Specific Data Block (AMD)` என்ற பகுதி இருக்கிறது. அதன்கீழ் குறைந்தபட்சம் 48, அதிகபட்சம் 144 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. எச்.டி.எம்.ஐ. ஃபோரம் பகுதியில் வரவேண்டிய `VRRMin`, `VRRMax` வரிகள் இல்லவே இல்லை. ஆக, எச்.டி.எம்.ஐ. வழியில் இந்த மானிட்டர் ஏ.எம்.டி. கார்டுக்கு மட்டும் அடாப்டிவ் சிங்க் தருகிறது. பெட்டியில் அச்சிட்டிருப்பது பாதி உண்மை.

இதை வேறொரு சோதனையும் உறுதிப்படுத்துகிறது. அதே மானிட்டர், அதே கேபிள், அதே போர்ட். கணினியை மட்டும் ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டு உள்ளதற்கு மாற்றியதும் ஃப்ரீசிங்க் உடனே வேலை செய்தது. மானிட்டர் மெனுவில் ஹெர்ட்ஸ் எண் படவேகத்தோடு ஏறி இறங்கியது. கேபிள் தரமற்றதாக இருந்தால் இது நடந்திருக்காது. பிறகு ஆர்.டி.எக்ஸ். 3060-ஐ நான் தனியாக வாங்கிய டிஸ்ப்ளேபோர்ட் கேபிளால் இணைத்து, மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பை 1.2-ஆக மாற்றினேன். அதுவரை இல்லாத, என்விடியாவில் அடாப்டிவ் சிங்கை இயக்கும் `Set up G-SYNC` பக்கம் என்விடியா கண்ட்ரோல் பேனலில் தோன்றியது. `Enable settings for the selected display model` என்பதையும் டிக் செய்ததும் கிழிசல் நின்றது. கார்டும் டிரைவரும் சரியாகவே இருக்கின்றன.

"எச்.டி.எம்.ஐ. 2.1 கேபிள் வாங்குங்கள்" என்ற சேவை மையத்தின் யோசனை பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் இதை நம்பி மற்றவர்களும் பணம் செலவழிப்பார்கள். கேபிள் என்பது கம்பி. அதற்கு அடாப்டிவ் சிங்க் தெரியாது. எவ்வளவு தரவைப் பிழையில்லாமல் கடத்தும் என்பது மட்டுமே அதன் தகுதி. 1440 பிக்சலில் 144 ஹெர்ட்ஸுக்கு நொடிக்குச் சுமார் 14 ஜிகாபிட் தேவை; எச்.டி.எம்.ஐ. 2.0-இன் பயனுள்ள அளவு 14.4. எனவே பெட்டியில் வந்த கேபிளே போதும், 144-உம் வந்துவிடுகிறது. வாங்குபவர் ஏமாறுவதும் இங்கேதான்: விண்டோஸில் 144 என்று தெரிந்ததும் எல்லாம் இயங்குவதாக நினைத்துவிடுகிறார். கேபிள் தரம் குறைந்தால் திரை இடையிடையே கருப்பாகும், அல்லது புள்ளிகள் மின்னும், அல்லது 144 பட்டியலிலேயே வராது. ஜி-சிங்க் பக்கம் காணாமல் போவதற்கும் கேபிளுக்கும் தொடர்பில்லை. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.-க்கு மாற்றும் அடாப்டரையும் பரிந்துரைத்தார்கள்; அதன் மறுமுனையும் இதே எச்.டி.எம்.ஐ. போர்ட்டில்தான் செருகப்படும் என்பதால் எதுவும் மாறாது.

இன்னொரு குறையும் உண்டு. மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.1 என்றும் `Adaptive Sync` அணைந்த நிலையிலும் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. 1.1-இன் அளவு 8.64 ஜிகாபிட்தான், அதில் 144 ஹெர்ட்ஸும் வராது, அடாப்டிவ் சிங்கும் வராது. சரியான கேபிள் வாங்கியவரும் மெனுவில் இதை 1.2-ஆக மாற்றி `Adaptive Sync`-ஐயும் இயக்கும்வரை கேபிளையே சந்தேகிப்பார். கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

டிஸ்ப்ளேபோர்ட்டில் இந்த மானிட்டர் நன்றாகவே ஓடுகிறது. படவேகம் 40-க்கு இறங்கினாலும் ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி 80 ஹெர்ட்ஸில் சீராக நிற்கிறது. 144-க்கு மேல் போனால் மட்டும் கிழிசல் திரும்புகிறது. அது இந்த முறையின் எல்லை, என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Max Frame Rate` 140 என்று வைத்தால் தீர்ந்துவிடும். அதனால் மானிட்டரைத் திருப்பித் தர நான் விரும்பவில்லை. கேட்பது இவைதான்.

எனக்கு 1.5 மீட்டர் நீளமுள்ள சான்றிதழ் பெற்ற டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்றை இலவசமாக அனுப்பவேண்டும், அல்லது நான் வாங்கிய கேபிளின் விலையைத் திருப்பித் தரவேண்டும்; ரசீது நகல் இணைத்துள்ளேன். பெட்டியிலும் இணையதளத்திலும் "எச்.டி.எம்.ஐ. வழியாக ஏ.எம்.டி. கார்டுகளுக்கு மட்டும், டிஸ்ப்ளேபோர்ட் வழியாக ஏ.எம்.டி., என்விடியா இரண்டுக்கும்" என்று தெளிவாக எழுதவேண்டும். ஃபர்ம்வேர் வழியாக எச்.டி.எம்.ஐ. வி.ஆர்.ஆர். சேர்க்க முடியுமா முடியாதா என்பதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். இதே கார்டோடு இதே மானிட்டரை வாங்கியவர்களிடம் கார்டு பழுது என்று சொல்வதை சேவை மையம் நிறுத்தவேண்டும். நல்ல கார்டைக் கழற்றி வாரண்டிக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதன்பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறான வழிகாட்டும் விளம்பரம் என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், பெட்டியின் புகைப்படம், ஈ.டி.ஐ.டி. விடையின் முழு நகல், இரு கார்டுகளிலும் எடுத்த காணொளி, கேபிள் ரசீது.

இப்படிக்கு,
(கையொப்பம்)