சுத்தமில்லாததால் வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மருத்துவப் பக்கத்தில், "உடல் சுத்தம் இல்லாதவர்களுக்கே படர்தாமரை மீண்டும் மீண்டும் வரும்" என்று ஒரு வரி இருந்தது. பதினெட்டு வருடமாகத் தங்கள் இதழை வாங்குகிறவள் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பாலக்கோட்டில் தையல் தொழில் செய்கிறேன். வெயில் காலத்தில் இரண்டு வேளை குளிக்கிறவள். பதினான்கு மாதம் இந்த அரிப்போடு கிடந்தேன்.

முதலில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு வட்டமாக வந்தது. மெடிக்கலில் சொன்னதும் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது, ஒரு வாரத்தில் சிவப்பு மறைந்தது. நிறுத்திப் பத்து நாளில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. மறுபடி அதே டியூப். நான்காவது தடவைக்குள் தொடை வரை இறங்கிவிட்டது, வீட்டுக்காரருக்கும் அரைஞாண் கயிற்றைச் சுற்றி வந்துவிட்டது. இதை யாரிடம் காட்டுவது என்ற கூச்சத்திலேயே மாதங்கள் போயின.

கடைசியில் தர்மபுரியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். படையின் ஓரத்தைச் சுரண்டி, அந்தத் துகளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தோல் கரைந்து பூஞ்சையின் இழைகள் மட்டும் தெரியுமாம். பிறகு டியூபை வாங்கி அதில் இருந்த பெயர்களை எனக்குப் படித்துக் காட்டினார். பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, மூன்றாவதாக குளோபீட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அது.

அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டை. அந்தச் சண்டையை ஸ்டீராய்டு அடக்கிவிடுகிறது. பார்வைக்கு ஆறின மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை தடையில்லாமல் படரும். வட்டத்தின் ஓரம்கூட மங்கிவிடுவதால் பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாமல் போகும். என் தொடை இடுக்கில் பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதுபோல் வரிகள் விழுந்திருந்தன. தோல் மெலிந்து வந்த அந்த வரிகள் இனி முழுதாகப் போகாது என்றார்.

அந்த டியூபை நிறுத்திய முதல் இரண்டு வாரம் நரகம். அரிப்பும் சிவப்பும் இருமடங்காயின. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பழைய டியூபுக்கே திரும்பிவிடுகிறார்களாம். மாத்திரையோடு, ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் கிரீமைப் படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை பூசச் சொன்னார். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் பூசினேன். வீட்டுக்காரருக்கும் சேர்த்தே வைத்தியம் நடந்தது. அரைஞாண் கயிற்றைக் கழற்றினார், துண்டைத் தனித்தனியாக்கினோம், உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைத்தோம். இப்போதெல்லாம் சில பூஞ்சைகள் சில மாத்திரைகளுக்கே மசிவதில்லை என்றும் அவர் சொன்னார், அதனால் எல்லாப் பழியையும் கிரீம் மேல் போடவில்லை. ஆனால் என் விஷயத்தில் பதினான்கு மாதத்தை வளர்த்தது அந்த டியூப்தான். அதை விட்டதும் மூன்று மாதத்தில் தீர்ந்தது.

அந்த டியூபில் சிவப்புக் கோடு இருக்கிறது, மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதை யார் படிப்பார்கள்? 2018-லேயே இந்த ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது தாங்கள் அறியாததல்ல. போன வருடம் இதைப் பற்றி நான் எழுதிய கடிதம் தங்கள் இதழில் வரவில்லை. ஏழே நாளில் படையை ஒழிக்கும் என்ற கிரீம் விளம்பரம் மட்டும் அதே மருத்துவப் பக்கத்தில் இரண்டு முறை வந்தது. அன்றைக்கு எனக்கு மிகவும் வலித்தது.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். டியூபில் குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, படர்தாமரைக்குத் தானாக வாங்கிப் பூசக்கூடாது என்று. குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, குளோபீட்டசால் ஸ்டீராய்டு. இரண்டு பெயரும் 'குளோ' என்றே ஆரம்பிப்பதால் நானே ஒன்றென்று நினைத்திருந்தேன். அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.